வார இறுதி விருந்தினருக்கு ஓர் அழைப்பு

கடையில் பழம் வாங்குபவர் அதைக் கையில் எடுத்துப் பார்க்கலாம், முகர்ந்தும் பார்க்கலாம். ஹோம்ஸ்டே ஒன்றில் தங்கப் பதிவு செய்பவருக்கு அந்த வாய்ப்பு இல்லை. அவர் முதலில் பணம் கட்டுகிறார். வீட்டைப் பிறகுதான் பார்க்கிறார். இடையில் அவருக்குத் துணையாக இருப்பவை சில படங்களும் அவற்றின் கீழ் உள்ள பத்துப் பன்னிரண்டு வரிகளும்தாம். அந்த வரிகளை நம்பியே ஒரு குடும்பம் தன் விடுமுறையைத் திட்டமிடுகிறது. முதியவரையும் குழந்தையையும் அழைத்துக்கொண்டு புறப்படுகிறது. ஆகவே, அழைப்புக் குறிப்பு அழகாக இருந்தால் மட்டும் போதாது. அதில் படித்ததும் கதவைத் திறந்ததும் காண்பதும் ஒன்றாக இருக்க வேண்டும்.

இதை எப்படி எழுதுவது என்பதை ஒரு கற்பனை வீட்டைக் கொண்டு பார்ப்போம். அந்த வீடு சிலாங்கூர் மாநிலத்தில், கோலா சிலாங்கூர் பட்டணத்துக்கு அருகில், செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய ஒரு கிராமத்தில் இருக்கிறது. கணவன், மனைவி, அவர்களின் மகன் ஆகிய மூவர் அங்கு வசிக்கிறார்கள். விருந்தினருக்காக இரண்டு அறைகளை ஒதுக்கியிருக்கிறார்கள். மகன் முதலில் எழுதிய குறிப்பு இது:

“இயற்கையின் மடியில் ஒரு சொர்க்கம்! கோலாலம்பூருக்கு மிக அருகில். விசாலமான, குளுகுளு அறைகள். 6 பேர் தாராளமாகத் தங்கலாம். நாவில் நீர் ஊறும் கிராமத்துச் சமையல், ஹலால் உணவு. சுற்றிலும் பச்சைப் பசேலென்று நெல்வயல். இரவில் ஆயிரமாயிரம் மின்மினிகள்! ஓர் இரவு 80 ரிங்கிட் முதல். வார இறுதி விரைவில் நிரம்பிவிடும். இன்றே பதிவு செய்யுங்கள்!”

படிக்க இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால், இதைப் படித்தவருக்கு வீட்டைப் பற்றி என்ன தெரிந்தது? ‘விசாலமான’ என்றால் எவ்வளவு? ‘மிக அருகில்’ என்றால் எத்தனை நிமிடம்? கட்டில்கள் எத்தனை? இந்தக் கேள்விகளுக்கு விடை இல்லை. விடை இருப்பதுபோல் தோன்றும் இடங்களிலோ அது முழு உண்மையாக இல்லை. ஒவ்வொரு பகுதியாக ஆராய்வோம்.

எந்த வகை வீடு?

‘ஹோம்ஸ்டே’ என்ற சொல் நம் நாட்டில் இரண்டு பொருளில் வழங்குகிறது. சுற்றுலா அமைச்சின் ஹோம்ஸ்டே திட்டம் 1995ஆம் ஆண்டு பகாங் மாநிலத்தின் தெமர்லோ வட்டாரத்தில் தொடங்கப்பட்டது. அத்திட்டத்தின்படி, விருந்தினர் ஒரு குடும்பத்தாருடன் அவர்களின் வீட்டிலேயே தங்கி, அவர்கள் உண்பதை உண்டு, கிராம வாழ்க்கையை அறிந்துகொள்கிறார். ஆனால், நடைமுறையில் ஆளில்லாத வீடு முழுவதையும் சில நாள்களுக்கு வாடகைக்கு விடுவதையும் மக்கள் ‘ஹோம்ஸ்டே’ என்றே சொல்கிறார்கள்.

இவ்விரண்டும் ஒன்றல்ல. தனியாகச் சமைத்து, நண்பர்களோடு நள்ளிரவுவரை பேசிச் சிரிக்க நினைத்து வருபவர், வீட்டுக்காரர் அடுத்த அறையில் உறங்குவதைக் கண்டால் சங்கடப்படுவார். எனவே, குறிப்பின் முதல் வரியே “நாங்களும் இங்கேயே வசிக்கிறோம், இரண்டு அறைகள் உங்களுக்கு” என்று சொல்லிவிட வேண்டும். இப்படிச் சொன்னால் சிலர் வரமாட்டார்கள். வேறு வகை வீட்டைத் தேடும் அவர்கள் வராமலிருப்பதே இரு தரப்புக்கும் நல்லது.

இந்த வீட்டில் ஒரு நாயும் இருக்கிறது. பின்கட்டில் கட்டியிருந்தாலும் அதைக் குறிப்பிடத்தான் வேண்டும். நாய்க்கு அஞ்சும் குழந்தை, ஒவ்வாமை உள்ளவர், சமய நெறியால் நாயைத் தவிர்ப்பவர் என யாராவது வரக்கூடும். அவர்களுக்கு அந்த ஒரு வரிதான் மற்ற எல்லா வரிகளையும்விட முக்கியமானது.

அறைகளை எண்ணிச் சொல்லுதல்

‘விசாலமான’, ‘வசதியான’, ‘தாராளமாக’ போன்ற பெயரடைகளும் வினையடைகளும் எழுதுபவரின் எண்ணத்தைக் காட்டுகின்றன, அறையைக் காட்டுவதில்லை. அவற்றை நீக்கிவிட்டு, எண்ணக்கூடியதையும் கண்ணால் காணக்கூடியதையும் எழுதிப் பார்ப்போம்.

கீழ்த்தள அறையில் ஓர் இரட்டைக் கட்டிலும் குளிரூட்டியும் உள்ளன. மாடி அறையில் இரண்டு ஒற்றைக் கட்டில்களும் ஒரு மின்விசிறியும் உள்ளன, குளிரூட்டி இல்லை. கூடுதலாக ஒருவருக்குத் தரையில் விரிக்க மெத்தை தரப்படும். ஆக, கட்டிலில் நால்வர், தரையில் ஒருவர் என ஐவர் தங்கலாம். அப்படியானால், ‘6 பேர்’ எப்படி வந்தது? கூடத்தில் இருக்கும் சோபாவையும் மகன் ஒரு படுக்கையாகக் கணக்கிட்டிருக்கிறார். வீட்டார் காலையில் நடமாடும் கூடத்தில் ஒருவரைப் படுக்கச் சொல்வது முறையன்று. எண் சரியாக இருக்க வேண்டுமானால், முதலில் எண்ணும் முறை சரியாக இருக்க வேண்டும்.

‘குளுகுளு அறைகள்’ என்பதிலும் சிக்கல் உண்டு. ‘அறைகள்’ என்று பன்மையில் எழுதியதால் இரண்டிலும் குளிரூட்டி இருப்பதாகவே படிப்பவர் எண்ணுவார். ஒரு விகுதி மட்டுமே இங்கு ஒரு பொய்யைச் சொல்லிவிடுகிறது.

முதல் குறிப்பில் இல்லாத செய்திகளும் உள்ளன. மாடிக்குச் செல்ல 14 படிகள் ஏற வேண்டும். குளியலறையும் கழிவறையும் கீழ்த்தளத்தில் மட்டுமே உள்ளன, விருந்தினருக்கு ஒன்றுதான். இணைய வசதி கீழ்த்தளத்தில் நன்றாகக் கிடைக்கும். மாடியில் அடிக்கடி துண்டிக்கப்படும். முழங்கால் வலியுள்ள பாட்டியை அழைத்து வரும் குடும்பத்தை நினைத்துப் பாருங்கள். படிகளைப் பற்றி முன்பே அறிந்தால், பாட்டிக்குக் கீழ் அறையை ஒதுக்கித் தரும்படி கேட்டுக்கொள்வார்கள். அறியாமல் வந்தால், நள்ளிரவில் பாட்டி கழிவறைக்காக 14 படிகள் இறங்க நேரிடும். குறையைச் சொல்வதன் பயன் இதுதான்: படிப்பவர் அதற்கேற்பத் தயாராகலாம்.

உணவைப் பற்றி எழுதுதல்

‘நாவில் நீர் ஊறும்’ என்பதை யாரும் சரிபார்க்க முடியாது. எது, எப்போது, எவ்வளவு, எந்த விலையில் என்பவையே விருந்தினருக்குத் தேவை. இந்த வீட்டில் காலை உணவு தோசை, சாம்பார், தேங்காய்ச் சட்னி. சில நாள் நாசி லெமாக். இது அறைக் கட்டணத்தில் அடங்கும். இரவு உணவுக்கு ஒருவருக்கு 18 ரிங்கிட். சோறு, மீன் குழம்பு, ஒரு காய்கறி, ரசம் ஆகியவை இருக்கும். மரக்கறி உணவு வேண்டுமெனில் முன்கூட்டியே சொல்ல வேண்டும். வீட்டார் சந்தைக்குப் போவது காலையில் என்பதால், இரவு உணவு வேண்டுவோர் முந்தின நாள் நண்பகல் 12 மணிக்குள் தெரிவிக்க வேண்டும். காரணத்தோடு சொல்லும் விதியை விருந்தினர் எளிதில் ஏற்றுக்கொள்வார்.

‘ஹலால் உணவு’ என்ற இரண்டு சொற்கள் மிகுந்த கவனத்துக்குரியவை. “நாங்கள் பன்றி இறைச்சி சமைப்பதில்லையே, பிறகென்ன?” என்று மகன் எண்ணியிருக்கலாம். ஆனால், பன்றி இறைச்சி இல்லாத உணவெல்லாம் ஹலால் உணவு ஆகிவிடாது. இறைச்சி எப்படி அறுக்கப்பட்டது, சமையலில் சேர்க்கப்படும் பொருள்கள் யாவை, பாத்திரங்கள் எவற்றுக்குப் பயன்பட்டவை என்பனவும் அதில் அடங்கும். மலேசியாவில் ஜாக்கிம் அல்லது மாநில இஸ்லாமியச் சமய மன்றத்தின் சான்றிதழ் இல்லாமல் உணவு விற்பனையில் ‘ஹலால்’ என்று விளம்பரம் செய்யக் கூடாது. எனவே, “பன்றி இறைச்சியும் மாட்டிறைச்சியும் சமைப்பதில்லை, ஹலால் சான்றிதழ் இல்லை” என்று எழுதுவதே நேர்மை. முஸ்லிம் விருந்தினர் இதைப் படித்துத் தம் உணவைத் தாமே முடிவு செய்துகொள்வார்.

சுற்றுப்புறமும் காலமும்

கோலா சிலாங்கூர் வட்டாரத்தில் பார்க்கத்தக்கவை பல உள்ளன. கம்போங் குவாந்தானில் சிலாங்கூர் ஆற்றங்கரையின் பெரெம்பாங் மரங்களில் மின்மினிகள் கூட்டமாக ஒளிரும். புக்கிட் மெலாவத்தியில் சாம்பல் நிற இலைக்குரங்குகளைக் காணலாம். அவற்றின் குட்டிகள் பிறக்கும்போது செம்மஞ்சள் நிறத்தில் இருக்கும். வடக்கே ஏறத்தாழ 30 கிலோமீட்டரில் செக்கிஞ்சான் நெல்வயல்கள் உள்ளன. இவை அனைத்தும் உண்மை. ஆனால், இவற்றில் ஒன்றுகூட இந்த வீட்டின் முற்றத்தில் இல்லை.

‘சுற்றிலும் நெல்வயல்’ என்று மகன் எழுதியபோது, செக்கிஞ்சானில் எடுத்த படத்தையும் இணைத்திருந்தார். வீட்டைச் சுற்றி இருப்பதோ செம்பனைத் தோட்டம். படம் எங்கே எடுக்கப்பட்டது என்று அதன் கீழ் எழுதாவிட்டால், சொல்லாத பொய்யைப் படம் சொல்லிவிடும். மேலும், நெல்வயல் ஆண்டு முழுவதும் பச்சையாக இருப்பதில்லை. செக்கிஞ்சானில் ஆண்டுக்கு இரண்டு முறை நெல் விளைகிறது. நாற்று வளரும்போது பச்சை, அறுவடைக்கு முன் பொன்னிறம், அறுவடைக்குப் பின் வெறும் தாள் என நிலம் மாறிக்கொண்டே இருக்கும். ஆகவே, “வயல் இப்போது எந்த நிலையில் உள்ளது என்று கேட்டால் சொல்கிறோம்” என்பதே பொருத்தமான வரி.

மின்மினிகளின் நிலை வேறு. அவற்றை ஆண்டு முழுவதும் காணலாம். ஆனால், எல்லா இரவும் ஒரே மாதிரி இராது. முழுநிலவு இரவில் அவற்றின் ஒளி மங்கலாகத் தெரியும். கனமழை பெய்தால் படகு புறப்படாமலும் போகலாம். மின்வெட்டொளி போட்டுப் படம் எடுக்கவும் அங்கு அனுமதி இல்லை. படகுப் பயணத்தை நடத்துபவர்கள் வேறு, வீட்டார் அல்லர். இதைச் சொல்லாமல் ‘ஆயிரமாயிரம் மின்மினிகள்’ என்று மட்டும் எழுதினால், மழை இரவில் ஏமாந்து திரும்பும் குழந்தைக்கு வீட்டாரே பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

தூரத்தையும் இப்படியே தெளிவாக்க வேண்டும். கோலாலம்பூரிலிருந்து இந்த வீட்டுக்கு ஏறத்தாழ 70 கிலோமீட்டர். சாலை நெரிசல் இல்லையென்றால் ஒன்றேகால் மணி நேரம் ஆகும். சனிக்கிழமை காலையில் இன்னும் கூடும். பேருந்து நிறுத்தத்திலிருந்து வீடு தொலைவில் இருப்பதால் சொந்த வாகனம் தேவை. மாலையில் கொசுத் தொல்லை உண்டு. காற்று திரும்பும் சில நாள்களில் செம்பனை எண்ணெய் ஆலையின் வாடை வரும். இவற்றையும் ஓரிரு வரிகளில் சொல்லலாம். புலம்பலாகவும் மன்னிப்பாகவும் எழுத வேண்டியதில்லை. செய்தியாக எழுதினால் போதும்.

கட்டணமும் பதிவு விதிகளும்

“ஓர் இரவு 80 ரிங்கிட் முதல்” என்ற வரியில் ‘முதல்’ என்ற சொல்லைக் கவனியுங்கள். திங்கள் முதல் வியாழன்வரை, மாடி அறையை மட்டும் எடுப்பவருக்குத்தான் 80 ரிங்கிட். குறிப்போ வார இறுதி விருந்தினரை அழைக்கிறது. அவர்கள் கட்ட வேண்டியது வேறு தொகை. சொல் ஒவ்வொன்றும் உண்மை. ஆனால், படித்தவர் மனத்தில் பதியும் எண் தவறு. பொருள் அல்லது சேவையைப் பற்றித் தவறான எண்ணத்தை ஏற்படுத்தும் விளம்பரத்தை 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் தடை செய்கிறது என்பதும் நினைவில் இருக்கட்டும்.

‘வார இறுதி’ என்பதைக்கூட நாள்களின் பெயரால் சொல்வது நல்லது. சிலாங்கூரில் வார விடுமுறை சனியும் ஞாயிறும். கிளந்தான், திரெங்கானு, கெடா ஆகிய மாநிலங்களில் அது வெள்ளியும் சனியும் ஆகும். அங்கிருந்து வருபவர், ‘வார இறுதிக் கட்டணம்’ தமக்கு எந்த இரவுகளில் பொருந்தும் என்று குழம்பக் கூடாது.

இந்த வீட்டில் வெள்ளி, சனி இரவுகளில் இரண்டு அறைகளும் சேர்த்து ஓர் இரவுக்கு 190 ரிங்கிட். நால்வர் உள்ள ஒரு குடும்பம் சனிக்கிழமை வந்து, ஓர் இரவு தங்கி, இரவு உணவும் உண்கிறது என்று வைத்துக்கொள்வோம். அறைக்கு 190, உணவுக்கு 18 பெருக்கல் 4, அதாவது 72. மொத்தம் 262 ரிங்கிட். பதிவு செய்யும்போது அறைக் கட்டணத்தில் பாதியான 95 ரிங்கிட்டை முன்பணமாகக் கட்ட வேண்டும். வரும் நாளில் மீதி 167 ரிங்கிட்டைத் தர வேண்டும். அத்துடன் 100 ரிங்கிட் பாதுகாப்பு வைப்புத்தொகையும் உண்டு. பொருள்களுக்குச் சேதம் இல்லையென்றால், புறப்படும்போதே அது திருப்பித் தரப்படும். ஆகவே, அன்று அவர்கள் 267 ரிங்கிட் வைத்திருக்க வேண்டும். வைப்புத்தொகையைச் சொல்லாமல் விட்டால், வாசலில் நின்றுகொண்டு அந்தக் குடும்பம் வங்கி இயந்திரத்தைத் தேட நேரிடும்.

பயணத்தை இரத்துச் செய்யும் விதியே அதிகச் சச்சரவைத் தருவது. “முன்கூட்டியே சொன்னால் பணம் திருப்பித் தரப்படும்” என்று எழுதினால் ‘முன்கூட்டியே’ என்பதற்கு ஒவ்வொருவரும் ஒரு பொருள் கொள்வார். நாள்களைக் குறிப்பிட வேண்டும். நாள்களுக்கிடையே இடைவெளியும் விழக் கூடாது. “7 நாளுக்கு முன் முழுத்தொகை; 3 நாளுக்குள் பணம் இல்லை” என்று எழுதினால், 5 நாளுக்கு முன் இரத்துச் செய்தவரின் நிலை என்ன? அதற்கு விதியே இல்லை. “7 நாள் அல்லது அதற்கு முன்பு: முழு முன்பணம், 6 முதல் 3 நாளுக்கு முன்பு: பாதி, 2 நாளும் அதற்குக் குறைவும்: திருப்பித் தரப்படாது” என்றால் எல்லா நாளும் அடங்கிவிடும். சனிக்கிழமை வரவேண்டியவர் புதன்கிழமை இரத்துச் செய்தால், அது 3 நாளுக்கு முன்பு. அவருக்கு 47 ரிங்கிட் 50 சென் கிடைக்கும். யார் கணக்கிட்டாலும் விடை ஒன்றே வரும்; சச்சரவுக்கு இடமில்லை.

விதி இரு தரப்புக்கும் உரியது. வீட்டாரே பதிவை இரத்துச் செய்ய நேர்ந்தால் என்ன செய்வார்கள் என்பதையும் எழுத வேண்டும். அந்த ஒரு வரி இல்லாத குறிப்பு, விருந்தினரை மட்டும் கட்டிப்போடும் கயிறாகிவிடும்.

திருத்திய குறிப்பு

இத்தனையையும் கருத்தில் கொண்டு மகன் மீண்டும் எழுதிய குறிப்பைப் படியுங்கள்:

“வணக்கம். கோலா சிலாங்கூருக்கு அருகே, செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய எங்கள் வீட்டில் இரண்டு அறைகள் உங்களுக்காகக் காத்திருக்கின்றன. அப்பா, அம்மா, நான் மூவரும் இங்கேயே வசிக்கிறோம். பின்கட்டில் ஒரு நாய் உண்டு, கட்டியிருக்கும்.

அறைகள்: கீழே ஓர் இரட்டைக் கட்டில், குளிரூட்டி. மாடியில் (14 படிகள்) இரண்டு ஒற்றைக் கட்டில்கள், மின்விசிறி மட்டும். தரை மெத்தை ஒன்று தருவோம். அதிகப்படியாக 5 பேர். குளியலறை ஒன்று, கீழ்த்தளத்தில், சுடுநீர் உண்டு. இணையம் கீழ்த்தளத்தில் நன்றாகக் கிடைக்கும். இரண்டு கார்கள் நிறுத்தலாம்.

உணவு: காலையில் அம்மா சுடும் தோசை, கட்டணத்தில் அடக்கம். இரவு உணவு ஒருவருக்கு 18 ரிங்கிட். முந்தின நாள் நண்பகல் 12க்குள் சொல்லுங்கள். மரக்கறி உணவும் செய்வோம். பன்றி இறைச்சியும் மாட்டிறைச்சியும் சமைப்பதில்லை. ஹலால் சான்றிதழ் இல்லை.

சுற்றுப்புறம்: கோலாலம்பூரிலிருந்து காரில் ஒன்றேகால் மணி நேரம், சனிக்கிழமை காலையில் கூடுதலாகும். கம்போங் குவாந்தான் மின்மினிப் படகு, புக்கிட் மெலாவத்தி, செக்கிஞ்சான் வயல் ஆகியவற்றுக்குக் காரில் போகலாம். மின்மினி பார்க்க நிலவில்லாத இரவே சிறந்தது. கனமழையில் படகு ஓடாமல் இருக்கலாம். மாலையில் கொசு உண்டு, கொசுவர்த்தி தருவோம். சில நாள் ஆலை வாடை வரும். இரவில் தவளைச் சத்தம் தவிர வேறு சத்தம் இல்லை.

கட்டணம்: வெள்ளி, சனி இரவுகளில் இரண்டு அறைகளும் சேர்த்து ஓர் இரவுக்கு 190 ரிங்கிட். முன்பணம் 95. வைப்புத்தொகை 100, சேதம் இல்லையெனில் புறப்படும்போது திருப்பித் தருவோம்.

விதிகள்: வருகை பிற்பகல் 3 முதல் இரவு 9 வரை, புறப்பாடு நண்பகல் 12. இரவு 11க்குப் பின் அமைதி. வீட்டினுள் புகைபிடித்தல் வேண்டா. இரத்துச் செய்தால்: 7 நாள் அல்லது அதற்கு முன்பு, முழு முன்பணம், 6 முதல் 3 நாளுக்கு முன்பு, பாதி, 2 நாளும் குறைவும், திருப்பித் தர இயலாது. நாங்கள் இரத்துச் செய்தால் முழுப் பணமும் 3 நாளில் திரும்பும். மழையால் படகு நின்றால் அறைக் கட்டணம் மாறாது.

ஐயம் இருந்தால் பணம் கட்டுமுன் கேளுங்கள். வாருங்கள், சேர்ந்து தோசை சாப்பிடுவோம்.”

இக்குறிப்பு முதல் குறிப்பைவிட நீளமானது. ஆனால், இதில் வீணான வரி இல்லை. “இரவில் தவளைச் சத்தம் தவிர வேறு சத்தம் இல்லை” என்ற வரியைப் பாருங்கள். ‘இயற்கையின் மடியில் சொர்க்கம்’ என்பதைவிட அது கிராமத்து இரவை நம் காதருகே கொண்டுவருகிறது. அம்மா சுடும் தோசையும் அப்படித்தான். நேர்மையாக எழுதுவதால் அழைப்பின் இனிமை குறைவதில்லை. அந்த வீட்டுக்கே உரிய இனிமை வெளிப்படுகிறது.

சிந்தித்து விடை எழுதுக

1. முதல் குறிப்பில், சொல் உண்மையாக இருந்தும் பொருள் தவறாகப் பதியும் வரி எது? விளக்குக.

2. சனிக்கிழமை வரவேண்டிய விருந்தினர் அதே வாரம் வியாழக்கிழமை இரத்துச் செய்கிறார். அவருக்கு எவ்வளவு பணம் திரும்பக் கிடைக்கும்? காரணம் கூறுக.

3. சக்கர நாற்காலியில் வரும் ஒருவருக்கு, திருத்திய குறிப்பில் இன்னும் என்ன செய்தி தேவைப்படும்? இரண்டு வரிகளில் எழுதிச் சேர்க்கவும்.

4. உங்கள் வீட்டின் ஓர் அறையை, பெயரடை ஒன்றுகூடப் பயன்படுத்தாமல், ஐந்து வாக்கியங்களில் விருந்தினருக்கு அறிமுகப்படுத்துக.